ரெண்டு கிரைண்டர், ஒண்ணு 3 வருஷம் ஒண்ணு 5 வருஷம்: எது கட்டுபடியாகும்னு வருஷக் கணக்குல பாக்குறது எப்படி

வில்லாபுரத்துல எங்க மதினி இட்லி மாவு அரைச்சு விக்கிறாங்க. காலைல டீக்கடைக்கும் மெஸ்ஸுக்கும் வாளில போகும், சாயங்காலம் பாக்கெட் வியாபாரம். இருந்த பழைய கிரைண்டர்ல மூணாவது தடவையா காயில் போனதும் இனி இதுக்கு செலவு பண்றது வேஸ்ட்டுன்னு முடிவு பண்ணி ரெண்டு கொட்டேஷன் வாங்கிட்டு வந்து என் முன்னாடி வச்சுட்டாங்க, "தம்பி, நீங்கதான ஆடிட்டர் ஆபீஸ்ல இருக்கீங்க, எத வாங்கன்னு சொல்லுங்க"ன்னு. நான் அங்க கணக்கு எழுதுற ஆள்தான், ஆடிட்டர் இல்ல, ஆனா இந்தக் கேள்விக்கு ஆடிட்டர் தேவையும் இல்ல, ஒரு கால்குலேட்டரும் அரைமணி நேரமும் போதும். அன்னைக்கு அவங்களுக்கு போட்டுக் காட்டுன கணக்கையே இங்க முழுசா எழுதுறேன். கிரைண்டர் இருக்குற எடத்துல நீங்க தையல் மெஷினோ கம்ப்ரஸரோ ஜெராக்ஸ் மெஷினோ எத வேணா வச்சுக்கலாம்.

ரெண்டும் ஒரே அளவு அரைக்கிற டில்டிங் கிரைண்டர்தான். ஒண்ணு பெல்ட் போட்டது, விலை 90,000, நல்லா ஓட்டுனா 3 வருஷம் தாங்கும், அப்புறம் பழைய விலைக்கு குடுத்தா 12,000 தேறும். வருஷத்துக்கு கரண்ட் 36,000, கல் கொத்துறது பெல்ட்டு பேரிங்குன்னு ஒரு 18,000, ஆக 54,000 ஓட்டுற செலவு. இன்னொண்ணு கியர் மோட்டார் வச்சது, விலை 1,70,000, 5 வருஷம் தாங்கும், கடைசில 25,000க்கு போகும், சீக்கிரம் அரைச்சு முடிச்சுருதுங்கறதால கரண்ட் 28,000தான், மத்த பராமரிப்பு 12,000, மொத்தம் வருஷத்துக்கு 40,000. இது எல்லாம் மதினி விசாரிச்சு வந்த நம்பர், உங்க ஊர்ல உங்க மெஷினுக்கு வேற வரும்.

மொதல்ல எல்லாரும் பண்ற ரெண்டு தப்பு

மதினி பண்ணது சிம்பிள் வகுத்தல். பெல்ட் மெஷின்ல 90,000 போட்டு 12,000 திரும்பி வருது, 78,000ஐ 3ஆல வகுத்தா 26,000, அதோட ஓட்டுற செலவு 54,000, ஆக வருஷத்துக்கு 80,000. கியர் மெஷின்ல 1,45,000ஐ 5ஆல வகுத்தா 29,000, கூட 40,000, ஆக 69,000. "வருஷத்துக்கு 11,000 மிச்சம் தம்பி, இதுல யோசிக்க என்ன இருக்கு"ன்னாங்க.

யோசிக்க இருக்கு. 1,70,000ஐ மொத்தமா இன்னைக்கே எடுத்து குடுக்குறோம், அஞ்சு வருஷத்துல கொஞ்சங்கொஞ்சமா குடுக்கல. அந்தப் பணத்துக்கு வட்டி இருக்கு, கடன் வாங்குனா கட்டுற வட்டி, கையில இருந்து போட்டா வராம போற வட்டி. வகுத்தல் கணக்குல அந்த வட்டி ஒரு பைசா கூட ஏறல. எந்த மெஷின்ல முதல்ல பெரிய பணம் முடங்குதோ அந்த மெஷினை இந்தக் கணக்கு எப்பவும் உள்ளதவிட மலிவா காட்டும், அதான் இதுல இருக்குற வில்லங்கம்.

ரெண்டாவது தப்பு கொஞ்சம் படிச்சவங்க பண்றது, எங்க ஆபீஸுக்கு வந்த ஒரு பையன் இதே மாதிரி ஒரு கேஸ்ல பண்ணான். அவனுக்கு இன்றைய மதிப்புன்னா தெரியும், அதாவது பின்னாடி குடுக்குற பணம் வட்டியக் கழிச்சா இன்னைக்கு எவ்வளவுக்குச் சமம்னு பாக்குறது. 12% வட்டின்னு வச்சு ரெண்டு மெஷினோட எல்லா செலவையும் இன்னைக்கு மதிப்புக்கு கொண்டாந்து கூட்டுனா பெல்ட் 2,11,155, கியர் 3,00,007. பெல்ட்டுதான் சீப்புன்னு முடிச்சுருவான். ஆனா அந்த ரெண்டு லட்சத்து சொச்சத்துல 3 வருஷத்துக்குத்தான் மாவு அரைக்க முடியும், 3 லட்சத்துல 5 வருஷத்துக்கு அரைக்கலாம். அரைக்கிலோ கத்திரிக்காயையும் ஒரு கிலோ கத்திரிக்காயையும் பக்கத்துல வச்சு இது விலை கம்மின்னு சொல்ற மாதிரிதான் இது. வருஷம் வேற வேற இருக்கும்போது மொத்தத்த மொத்தத்தோட ஒப்பிடவே கூடாது.

மெஷினை வாடகைக்கு விடுறதா நினைச்சுக்கங்க

சரியான கணக்குக்கு பேரு ஈக்விவலன்ட் ஆனுவல் காஸ்ட், சுருக்கமா இ.ஏ.சி, தமிழ்ல சமமான வருடாந்திர செலவுன்னு புத்தகத்துல போடுவாங்க. மதினிகிட்ட நான் அந்தப் பேரையே சொல்லல. இப்படி கேட்டேன்: இந்த மெஷினை நீங்களே கரண்ட் பில்லும் கட்டி ரிப்பேரும் பாத்து இன்னொருத்தருக்கு வாடகைக்கு விடுறீங்க, ஒவ்வொரு வருஷக் கடைசிலயும் ஒரே தொகை வாங்கணும், லாபமும் வேணாம் நட்டமும் கூடாது, போட்ட பணம் அதோட வட்டி எல்லாம் கரெக்ட்டா திரும்பணும், எம்புட்டு வாடகை கேப்பீங்க? அந்த வாடகைதான் இ.ஏ.சி. எந்த மெஷினுக்கு வருஷ வாடகை கம்மியோ அத வாங்கணும், அம்புட்டுதான். 3 வருஷமோ 5 வருஷமோ, வாடகைன்னு ஆயிட்டா ரெண்டும் ஒரு வருஷத்துக்கான தொகைதான, பக்கத்து பக்கத்துல வச்சு பாக்கலாம்.

இப்ப கணக்கு. வட்டி 12%ன்னு எடுத்துக்குவோம், பேங்க்ல அப்படித்தான் சொல்லிருந்தாங்க.

முதல் வருஷக் கடைசில வர்ற 1 ரூபா இன்னைக்கு 1 வகுத்தல் 1.12, அதாவது 0.8929 ரூபா. அதை மறுபடி 1.12ஆல வகுத்தா ரெண்டாவது வருஷத்து ரூபா, 0.7972. மறுபடி வகுத்தா மூணாவது வருஷத்துக்கு 0.7118, நாலுக்கு 0.6355, அஞ்சுக்கு 0.5674. கால்குலேட்டர்ல சும்மா வகுத்துக்கிட்டே போனா போதும்.

முதல் மூணையும் கூட்டுங்க, 2.4018 வரும் (தசமத்த வெட்டுனதால கடைசி இலக்கம் ஒண்ணு முன்ன பின்ன இருக்கும்). அஞ்சையும் கூட்டுனா 3.6048. இதுக்கு ஆனுவிட்டி ஃபேக்டர்னு பேரு. இதோட அர்த்தம் என்னன்னா, வருஷத்துக்கு 1 ரூபா வீதம் 3 வருஷத்துக்கு ஒருத்தர் தரப்போறாருன்னா இன்னைக்கு அதோட மதிப்பு 2 ரூபா 40 காசு. அப்ப இன்னைக்கு 2 ரூபா 40 காசு போட்டவரு வருஷத்துக்கு 1 ரூபா வாடகை வாங்குனா சரியாப்போச்சு. அதனால இன்னைக்கு முடங்குன பணத்த இந்த ஃபேக்டரால வகுத்தா வருஷ வாடகை வந்துரும்.

பெல்ட் மெஷினுக்கு போட்டுப் பாப்போம். இன்னைக்கு 90,000 போகுது. மூணாவது வருஷக் கடைசில 12,000 வருது, ஆனா அது இன்னைக்கு 12,000 இல்ல, 0.7118ஆல பெருக்கி 8,542. கழிச்சா 81,458. இதை 2.4018ஆல வகுத்தா 33,915. இது மெஷினுக்கான வாடகை. ஓட்டுற செலவு 54,000 ஏற்கெனவே வருஷக் கணக்குலதான் இருக்கு, அப்படியே கூட்டிக்கலாம். மொத்தம் 87,915.

கியர் மெஷின்: 1,70,000ல இருந்து 25,000 பெருக்கல் 0.5674, அதாவது 14,185 போக 1,55,815. இதை 3.6048ஆல வகுத்தா 43,224. கூட 40,000. மொத்தம் 83,224.

கியர் மெஷின்தான் ஜெயிக்குது, ஆனா மதினி சொன்ன 11,000 இல்ல, வருஷத்துக்கு 4,691தான். மீதி 6,300 ரூபா வட்டியில போயிருச்சு. இந்த எடத்துல மதினி மூஞ்சி கொஞ்சம் சுருங்குச்சு.

எக்செல்லோ கூகுள் ஷீட்டோ வச்சிருந்தா இது ரெண்டே வரி:

```
=-PMT(12%,3,90000,-12000)+54000
=-PMT(12%,5,170000,-25000)+40000
```

கையில போட்டதுக்கும் இதுக்கும் ஒரு ரூபா மாறலாம். கவனிக்க வேண்டியது மைனஸ்தான், கடைசில திரும்ப வர்ற பழைய விலையை மைனஸ்ல போடலேன்னா அதையும் செலவா எடுத்துக்கும், அப்ப மெஷின் வாடகையே மெஷினோட தன்மைக்கு பொருந்தாம பெருசா வந்து நிக்கும். ஒரு செக் வச்சுக்கங்க: PMT தர்ற தொகை, சிம்பிள் வகுத்தல்ல வந்ததவிட (இங்க 26,000, 29,000) கூட இருக்கணும், ஆனா விலையில ஒரு வருஷ வட்டியும் சேத்தா வர்ற அளவுக்கு மேல போகக்கூடாது. இங்க 26,000 கூட ஒரு வருஷ முழு வட்டி 10,800 சேத்தா 36,800, நம்ம 33,915 நடுவுல இருக்கு, சரி.

இதுல எத சேக்கணும் எத விடணும்னு கேப்பீங்க. அரிசி, உளுந்து, கடை வாடகை, வேலைக்கு வர்ற அக்கா சம்பளம், இதெல்லாம் எந்த மெஷின் வாங்குனாலும் ஒண்ணுதான், விட்ருங்க, சேத்தாலும் முடிவு மாறாது. ஆனா ஒரு மெஷின்ல ஆள் ஒருமணி நேரம் கூட நிக்கணும்னா அந்த கூலி உள்ள வரணும். மதினிக்கு ஜிஎஸ்டி ரிஜிஸ்ட்ரேஷன் இல்ல, கட்டுன ஜிஎஸ்டியை திரும்ப எடுக்க முடியாது, அதனால விலைன்னு நான் போட்டது ஜிஎஸ்டி, லாரி வாடகை, கான்கிரீட் மேடை, வயரிங் எல்லாம் சேத்து கடையில மெஷின் ஓடுற வரைக்கும் ஆன மொத்தம்.

வருஷத்துக்கு ஒரே மாதிரி செலவு வரலேன்னா

மேல எல்லா வருஷமும் 40,000ன்னு போட்டேன், நெசத்துல அப்படி வராது. இதே மெஷின் வச்சிருக்குற ஒரு மெஸ்காரர்கிட்ட மதினி போன்ல கேட்டப்ப, மூணாவது வருஷம் முடியுறப்ப கியர்பாக்ஸ பிரிச்சு வேலை பாக்க வேண்டி வந்துச்சு, 15,000 ஆச்சுன்னாரு. கொட்டேஷன் குடுத்தவரு இத சொல்லவே இல்ல, சொல்லவும் மாட்டாங்க.

இதை 15,000 வகுத்தல் 5, வருஷத்துக்கு 3,000ன்னு சேக்கக்கூடாது. அது எந்த வருஷம் வருதோ அந்த வருஷ நம்பரால பெருக்கி இன்னைக்கு கொண்டு வாங்க: 15,000 பெருக்கல் 0.7118, 10,677. அப்புறம் 3.6048ஆல வகுங்க, 2,962. கிட்டத்தட்ட அதே 3,000தான வந்துருக்குன்னு தோணும், நடு வருஷத்துல வந்த செலவுங்கறதால அப்படி, முதல் வருஷமோ கடைசி வருஷமோ வந்திருந்தா நல்லாவே மாறும். எப்படியோ, கியர் மெஷினோட முன்னிலை 4,691ல இருந்து 1,729க்கு இறங்கிருச்சு. 80,000 ரூபா சமாச்சாரத்துல 1,729ங்கறது ஒண்ணுமே இல்ல, கியர் மெஷினோட கரண்ட் பில் மாசம் 150 ரூபா கூட வந்தாலே புரண்டுரும்.

அதனால எந்த நம்பர் தப்பா இருந்தா முடிவு தலைகீழாகும்னு தேடுறதுதான் அடுத்த வேலை. பெரும்பாலும் அது ஆயுசுதான். கியர் மெஷின் 5 வருஷம்னு சொன்னது 4லேயே முடிஞ்சு அதே 25,000க்கு போச்சுன்னு வைங்க (கியர்பாக்ஸ் வேலைய இதுல சேக்கல). ஃபேக்டர் 3.0373, பழைய விலை இன்னைக்கு 15,888, மெஷின் வாடகை 50,740 ஆகுது, ஓட்டுற செலவோட 90,740. பெல்ட் மெஷினோட 87,915ஐ தாண்டிருச்சு. ஒரே ஒரு வருஷம் குறைஞ்சதுல மொத்தக் கணக்கும் மாறிப்போச்சு பாருங்க. அதுனால ஆயுசை கம்பெனி வாரண்டிய வச்சோ விக்கிறவர் வாய்ச்சொல்ல வச்சோ போடாதீங்க, உங்கள மாதிரியே நாளுக்கு அத்தனை மணி நேரம் ஓட்டுற ஒருத்தர் எத்தனாவது வருஷம் மாத்துனாருன்னு கேளுங்க. வீட்டுக்கல்யாணத்துக்கு மட்டும் ஓட்டுறவர் சொல்ற ஆயுசு உங்களுக்கு உதவாது. சித்திரைத் திருவிழா நேரத்துல மதினி கடைல கிரைண்டர் விடியக்காலை ரெண்டு மணிக்கு ஓட ஆரம்பிச்சா மதியம் வரைக்கும் நிக்காது.

எந்த வட்டியப் போடுறது, இதுலதான் விஷயமே இருக்கு

புத்தகத்துல வட்டி விகிதம் குடுத்துருப்பாங்க, 10%ன்னு எடுத்துக்கன்னு. கடைக்காரங்களுக்கு யாரு குடுப்பா? மதினிக்கு பேங்க் 12% சொன்னாங்க ஆனா பேப்பர் அது இதுன்னு ஒன்றரை மாசம் ஆகும்னாங்க. பக்கத்துல ஒருத்தர் நாளைக்கே தர்றேன்னாரு, மூணு வட்டி. நம்ம பக்கம் மூணு வட்டின்னா நூறு ரூபாய்க்கு மாசம் 3 ரூபா, வருஷத்துக்கு 36. மாசா மாசம் கட்டுறதக் கறாரா பாத்தா வருஷத்துக்கு 42%க்கும் மேல வரும், இப்போதைக்கு 36ன்னே வைப்போம்.

36%ல அதே கணக்கு: 3 வருஷ ஃபேக்டர் 1.6735, 5 வருஷத்துக்கு 2.1807. பெல்ட் மெஷினுக்கு வாடகை 50,929, ஓட்டுற செலவோட 1,04,929. கியர் மெஷினுக்கு 75,491, ஓட்டுற செலவோட 1,15,491. இப்ப பெல்ட் மெஷின் வருஷத்துக்கு 10,500க்கு மேல மலிவு!

மெஷின் மாறல, கரண்ட் பில் மாறல, ஆயுசு மாறல. பணம் எங்க இருந்து வருதுங்கறது மட்டும் மாறுச்சு, முடிவே திரும்பிருச்சு. ஏன்னு புரிஞ்சுக்கணும்னா கியர் மெஷின் வாங்குறதுன்னா என்னன்னு பாருங்க, இன்னைக்கு 80,000 கூடப் போட்டு வருஷம் 14,000 ஓட்டுற செலவ மிச்சம் பிடிக்கிறோம், அடுத்த மெஷின் வாங்குறதையும் ரெண்டு வருஷம் தள்ளிப் போடுறோம். வட்டி ஏற ஏற இன்னைக்கு போடுற 80,000 கனமாகும், பின்னாடி வர்ற மிச்சம் லேசாகும். இந்த நம்பர்களுக்கு ரெண்டும் சரிக்குச் சமமா வர்ற எடம் கிட்டத்தட்ட 20%. அதுக்கு கீழ வட்டின்னா கியர், மேலன்னா பெல்ட். உங்க கேஸ்ல அந்த எடம் எங்க இருக்குன்னு ஷீட்ல வட்டிய மாத்தி மாத்திப் போட்டு கண்டுபிடிங்க, ஒரு வட்டிய வச்சு ஒரு பதில் வாங்குறதவிட அது ரொம்ப உபயோகம், ஏன்னா வட்டி எவ்வளவுன்னு துல்லியமாத் தெரியலன்னாலும் 20க்கு மேலயா கீழயான்னு தெரிஞ்சா போதுமே.

கைக்காசு போடுறேன், எனக்கு வட்டியே இல்லன்னு சில பேரு சொல்வாங்க. எங்க அண்ணனே சொன்னாரு, "எங்கிட்ட சீட்டு எடுத்த பணம் இருக்குடா, அதுக்கு எதுக்கு வட்டி பாக்கணும்"னு. அதே அண்ணன் மேல மூணு வட்டில 60,000 பழைய கடன் நிக்குது. அந்தச் சீட்டுப் பணத்த வச்சு அந்தக் கடன அடைச்சா வருஷத்துக்கு 36% மிச்சம். அப்ப அந்த 60,000 வரைக்கும் அவர் கைக்காசோட வட்டி 36%தான், சீட்டு தள்ளுபடி எவ்வளவுங்கறது அதுக்கப்புறம். கடனே இல்லாதவருக்குத்தான் கைக்காசோட வட்டி எஃப்.டி. அளவுக்கு இறங்கும்.

இன்னொரு பொறி, ஃபிளாட் ரேட். மெஷின் விக்கிறவரே ஃபைனான்ஸ் ஏற்பாடு பண்ணித் தர்றேன், வெறும் 10%தான்னு சொல்வாரு. 1 லட்சத்துக்கு 3 வருஷம், வட்டி 30,000, மொத்தம் 1,30,000ஐ 36 மாசத்துல கட்டு, மாசம் 3,611ன்னு. ஆனா அசல் மாசா மாசம் குறையுது, வட்டி மட்டும் முழு லட்சத்துக்கும் கடைசி வரைக்கும் வாங்குறாங்க. குறையுற அசலுக்குப் பாத்தா அது 18% கடன். கணக்குல 10%ன்னு போட்டீங்கன்னா விலை கூடுன மெஷின் பக்கம் தானா சாஞ்சுருவீங்க, விக்கிறவருக்கும் அதான் வேணும்.

விலைவாசி பத்தியும் ஒரு வார்த்தை. இ.ஏ.சி. கணக்குக்குள்ள ஒரு நெனப்பு ஒளிஞ்சிருக்கு, 3 வருஷம் கழிச்சு அதே பெல்ட் மெஷினை அதே 90,000க்கு வாங்குவோம், திரும்பத் திரும்ப அப்படியே வாங்கிக்கிட்டே இருப்போம்னு. 15 வருஷத்துக்கு பெல்ட் மெஷின் 5 தடவை, கியர் மெஷின் 3 தடவை வாங்கி முழுசா போட்டுப் பாத்தாலும் இதே பதில்தான் வரும், அந்த நீளமான வேலைய சுருக்குனதுதான் இ.ஏ.சி. ஆனா 90,000 அப்படியே நிக்குமா? நிக்காது. வருஷம் 5% எல்லாம் ஏறும்னு நினைச்சா, செலவு எல்லாத்தையும் இன்னைக்கு விலைலயே வச்சுட்டு வட்டிய மட்டும் குறைச்சுக்கணும்: 1.12 வகுத்தல் 1.05, கழித்தல் 1, அதாவது 6.67%. அப்படிப் போட்டா கியர் மெஷினோட முன்னிலை 4,691ல இருந்து 7,625 ஆகுது, கியர்பாக்ஸ் வேலையக் கழிச்சாலும் கொஞ்சம் தெம்பா நிக்கும். சமமாகுற எடமும் 20%ல இருந்து 26%க்கு போயிரும், அதாவது ரெண்டு வட்டிய வருஷத்துக்கு 24ன்னே வச்சா அந்தக் கடன்லகூட கியர் மெஷின் மயிரிழைல தேறும், மூணு வட்டிக்கு தேறாது. வட்டிய முழுசா வச்சு செலவ மட்டும் இன்னைக்கு விலைல போடுறது ரொம்ப சாதாரணமா நடக்குற கலப்படம், ஆயுசு கூடுன மெஷினுக்கு அது அநியாயம் பண்ணும்.

கடையே 3 வருஷம்தான்னா

இவ்வளவும் போட்டு, பேங்க் லோன் வர்ற வரைக்கும் பழசையே இழுத்து ஓட்டி கியர் மெஷினை வாங்கலாம்னு பேசி முடிச்ச அன்னைக்கு ராத்திரி மதினி போன் பண்ணாங்க. "தம்பி, ஹவுஸ் ஓனர் மூணு வருஷத்துல எடத்த இடிச்சுக் கட்டப்போறாராம், இப்பத்தான் சொல்றாரு, அப்புறம் நான் கடைய தொடர்ந்து நடத்துவேனான்னே தெரியல." மூத்த பொண்ணு சென்னைல இருக்கா, அங்குட்டுப் போயிரலாம்னு ஒரு யோசனை அவங்களுக்கு ரொம்ப நாளா உண்டு.

இங்க இ.ஏ.சி. அப்படியே செல்லாது. திரும்பத் திரும்ப வாங்குவோம்ங்கற நெனப்பே உடைஞ்சு போச்சு. வேலை எத்தனை வருஷமோ அத்தனை வருஷத்துக்கு ரெண்டு மெஷினையும் வெட்டிப் பாக்கணும். பெல்ட் மெஷின் மாறாது, 3 வருஷம், 87,915. கியர் மெஷினை 3 வருஷம் ஓட்டி நடுவுல விக்கணும், அப்ப கேள்வி ஒண்ணே ஒண்ணு, 3 வருஷம் ஓடுன கியர் மெஷின் என்ன விலைக்குப் போகும்?

60,000க்கு போகும்னு வச்சேன். இன்னைக்கு அது 42,708, போக 1,27,292, 2.4018ஆல வகுத்தா 52,999, ஓட்டுற செலவோட 92,999. தோத்துருச்சு, வருஷத்துக்கு 5,000 கூட. எவ்வளவுக்குப் போனா சமம்னு பின்னால இருந்து போட்டேன்: பெல்ட்டோட 87,915ல ஓட்டுற செலவு 40,000 போக 47,915தான் மெஷின் வாடகையா இருக்கலாம், அதை 2.4018ஆல பெருக்கினா 1,15,082, அப்ப பழைய விலைல இன்னைக்கு மதிப்புக்கு 54,918 திரும்பணும், 0.7118ஆல வகுத்தா 77,154. மூணு வருஷம் ராவும் பகலும் ஓடி, கியர்பாக்ஸ் வேலை வேற காத்திருக்குற மெஷினுக்கு ஒருத்தர் 77,000 தரணும்.

நான் ஃபோன்லயே சொன்னேன், மதினி, கடைக்காரர்கிட்ட கேளுங்க, மூணு வருஷத்துல 77,000க்கு நீங்களே திருப்பி எடுத்துக்குறேன்னு பில்லுல எழுதித் தந்தா கியர் மெஷின வாங்குங்கன்னு. மறுநாள் போய் கேட்டுருக்காங்க. அவரு சிரிச்சுட்டு, அதெல்லாம் அப்ப பாத்துக்கலாம்மா, நல்ல விலைக்கு எடுத்துத் தர்றேன்னாராம். எழுதித் தாங்கன்னதும் 45,000 வேணா எழுதித் தர்றேன்னுருக்காரு. மதினி அங்கயே பெல்ட் மெஷினுக்கு 10,000 அட்வான்ஸ் குடுத்துட்டு வந்துட்டாங்க, வரும்போது கல்லு கொத்துறவர் நம்பரையும் வாங்கிட்டுத்தான் வந்தாங்க.